அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பெங்களூரு ஃபிளாட்டுகள் பற்றிய கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது. கட்டுமானம் தாமதமாகி, புதிய தேதியுடன் பில்டர் கடிதம் அனுப்பினால், வாங்கியவர்கள் ஒப்புதல் தந்து ஒத்துழைப்பது நல்லது என்று. இருபது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவள் நான். அந்த வரியைப் படித்துவிட்டு அன்று முழுக்க மனசே சரியில்லை.

அதே மாதிரிக் கடிதம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால் 1,150 சதுர அடி ஃபிளாட். 60 லட்சம் கட்டிவிட்டோம். ஒப்பந்தப்படி 2023 ஜூனில் சாவி தர வேண்டும், ஆறு மாத அவகாசம் சேர்த்தால் டிசம்பர். கடிதமோ தாமதத்துக்கு 2024 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தைக் காரணம் சொல்கிறது. கட்டட வேலைக்குக் குடிநீர் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை போட்டது 2024 மார்ச்சில். எங்கள் தேதி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்தத் தடையும் குடிநீருக்குத்தான், சுத்திகரித்த நீரைப் பயன்படுத்தத் தடையில்லை. நடக்காத வேலைக்குப் பிறகு வந்த பஞ்சம் எப்படிக் காரணமாகும்?

உண்மைக் காரணம் எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஸ்லாபுக்கும் ஒரு தவணை என்றுதான் பணம் வாங்கினார்கள். கூரை வரை கான்கிரீட் வேகமாக ஏறியது, பெரும்பகுதிப் பணமும் ஏறிவிட்டது. அப்புறம் பூச்சு, குழாய், லிஃப்ட், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று செலவு மட்டும் இருக்கும் வேலைகள். அவற்றுக்கு வரவேண்டிய தவணை கொஞ்சம்தான். ஞாயிறுதோறும் என் கணவர் போய்ப் பார்க்கிறார். நூறு பேர் வேலை செய்த இடத்தில் பத்துப் பேர் இருந்தால் கடிதம் வருமுன்பே புரிந்துவிடும்.

இப்போது கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். 'திருத்திய தேதியை ஏற்கிறேன், இழப்பீடு கோரமாட்டேன்' என்று ஒரு சீட்டு, பதினைந்து நாளில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். உங்கள் கட்டுரை ஒப்புதல் என்று சொல்வது இதைத்தான். இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாளை வட்டி கேட்டால், பில்டர் முதலில் நீட்டுவது இந்தச் சீட்டாகத்தான் இருக்கும்.

வீடு வாங்குவோரைப் பாதுகாக்க வந்த 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 18-ஆவது பிரிவு இரண்டு வழி தருகிறது. விலகினால் கட்டிய பணம் வட்டியோடு திரும்ப வேண்டும். விலகாவிட்டால், சாவி தரும் வரை தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி. ரெரா பதிவில் பில்டர் புதிய தேதி வாங்கிவிட்டாலும், தாமதத்தை ஒப்பந்தத்தில் உள்ள தேதியை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிறகு எதற்கு எங்கள் கையெழுத்து?

எங்கள் ஒப்பந்தத்தில் தாமதத்துக்குச் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் என்று இருக்கிறது. அதாவது 5,750 ரூபாய். நாங்கள் தவணை தாமதித்தால் மட்டும் 18 சதவீதம். ரெராவோ இரண்டு பக்கத்துக்கும் ஒரே வட்டி என்கிறது. கர்நாடக விதிப்படி அது ஸ்டேட் வங்கி கடனுக்கு அடிப்படையாக வைக்கும் உயர்ந்தபட்ச எம்.சி.எல்.ஆர். வட்டி விகிதத்தோடு 2 சதவீதம் கூட்டியது. குறைத்து 10 என்றே வைத்துக்கொண்டாலும் 60 லட்சத்துக்கு மாதம் 50,000 ரூபாய் வருகிறது. அல்சூரில் 24,000 வாடகையும் வங்கித் தவணையும் சேர்த்துக் கட்டும் எங்களுக்கு அது சின்னத் தொகையா?

இன்னொன்றும் இருக்கிறது. புதிய தேதிக்குப் பக்கத்தில் 'உள்வேலைக்காக ஒப்படைப்பு' என்று போட்டிருக்கிறார்கள். கட்டடத்தில் குடியேறலாம் என்று தரப்படும் ஓ.சி. சான்றிதழ் வாங்குமுன் மரவேலைக்கு என்று சாவியைக் கொடுத்துவிட்டு, ஒப்படைத்தாயிற்று என்று கணக்கை மூடப் பார்ப்பார்கள். முன்பு எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர் அப்படிக் குடிபோய், ஓ.சி. இல்லாமல் காவிரி இணைப்புக் கிடைக்காமல் மாதாமாதம் டேங்கர் வாங்குகிறார். அவருக்கும் பெரிய பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத்தான் நம்பிக்கை வந்தது. உங்கள் இணைப்பிலும் பில்டர் விளம்பரம் நாலு பக்கம் வருகிறது. அதனால்தான் அந்த வரி வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் மாடி ஏற முடியாமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கும் என் மாமியார், 'புது வீட்டில் லிஃப்ட் இருக்குமா' என்று இன்னமும் கேட்கிறார். அவரிடம் ஒத்துழைக்கச் சொல்கிறீர்களா ஐயா?

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். சீட்டில் கையெழுத்துப் போடாமல், ஒப்பந்தத் தேதியையும் 18-ஆவது பிரிவையும் குறிப்பிட்டு, ஓ.சி. கிடைக்கும் தேதி எது என்று கேட்டுப் பதிவுத் தபாலில் பதில் எழுதலாம் என்று மட்டும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
அல்சூர், பெங்களூரு.