தோட்டக் குழாயில் வரும் தண்ணீர் நான்காம் மாடிக்கு ஏன் வரவில்லை?

டர்பன், சாட்ஸ்வொர்த்

நம் அடுக்குமாடிக் கட்டடத்தின் டிரஸ்டிகளுக்கும் மேனேஜிங் ஏஜென்டுக்கும்,

வணக்கம். தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு முறையும் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே அறிவிப்புதான் வருகிறது: "மாநகராட்சித் தண்ணீர் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்." இதை நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏழு வாரம் ஒரு நோட்டில் குறித்து வந்த பிறகு நம்ப முடியவில்லை.

அந்த ஏழு வாரத்தில் 11 தடவை தண்ணீர் நின்றது. ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கிப்போய்த் தோட்டக் குழாயைத் திறந்து பார்த்தேன். அந்தக் குழாய் மீட்டரிலிருந்து நேராக வருவது, நம் தொட்டிக்கும் பம்புக்கும் அதில் வேலையில்லை. இரண்டு தடவை அதிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை, தெருவுக்கே வரவில்லை. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மீதி 9 தடவையும் அதில் தண்ணீர் நன்றாக வந்தது. காவலாளி அண்ணன் தொட்டி மூடியைத் திறந்து காட்டினார், தொட்டியும் ஏறக்குறைய நிறைந்திருந்தது. அந்த நேரங்களில் மின்வெட்டும் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த 9 தடவையும் தண்ணீர் நின்றது 35 முதல் 50 நிமிடம் வரைதான். யாரும் எதையும் தொடாமலே திரும்பி வந்துவிட்டது. தெருக் குழாய் உடைந்தால் இப்படிக் கணக்காகத் தண்ணீர் திரும்பாது. சூடேறி நின்றுபோன மோட்டார், ஆறியதும் தானாக ஓடுவதற்குத்தான் இந்த நேரம் பொருந்துகிறது.

பம்ப் அறை வாசலில் கைக்கடிகாரத்தோடு நின்று பார்த்தேன். நான்கு விநாடி ஓடுகிறது, ஆறு விநாடி நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. நிமிடத்துக்கு ஆறு தடவை என்றால் மணிக்கு 360 தடவை. எந்த மோட்டாரும் இதைத் தாங்காது. பம்பின் பக்கத்தில் இருக்கும் பிரஷர் டேங்குக்குள் ஒரு ரப்பர் பை உண்டு. அதைச் சுற்றி அடைத்த காற்றுதான் தண்ணீரை அழுத்திப் பிடித்து, பம்புக்கு ஓய்வு கொடுக்கிறது. காற்று போய்விட்டாலோ பை கிழிந்தாலோ, ஒரு வீட்டில் யாராவது கை கழுவினாலே பம்ப் உடனே ஓடத் தொடங்கிவிடும். அந்த டேங்கில் சைக்கிள் டியூபுக்கு இருப்பதைப் போன்ற காற்று வால்வு ஒன்று இருக்கிறது. காவலாளி அண்ணன் அதன் ஊசியை விரலால் அழுத்தினார். காற்று வர வேண்டிய இடத்தில் துருப்பிடித்த தண்ணீர் பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது. பை கிழிந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

ஆனால் இந்த ஆண்டு நீங்கள் மோட்டாருக்கே இரண்டு தடவை செலவு செய்திருக்கிறீர்கள். இரண்டும் நாம் மாதாமாதம் கட்டும் லெவிப் பணம். டேங்கை மாற்றாமல் மூன்றாவது மோட்டார் போட்டாலும் அதுவும் கருகத்தான் போகிறது.

புரட்டாசிச் சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் நின்றது. நான்காம் மாடி ஆயா குத்துவிளக்குக்குப் புளி தேய்த்துவிட்டு, கழுவத் தண்ணீர் இல்லாமல் கையில் புளியோடு வாசலில் நின்றிருந்தார். நான் தோட்டக் குழாயில் பிடித்து 20 லிட்டர் வாளி இரண்டை மாடி ஏற்றிக் கொடுத்தேன். என் வயதுக்கு முடிகிறது. அவர் தனியாக இருக்கிற நாளில் யார் தூக்குவது?

பொதுச் சொத்தை நல்ல நிலையில் பராமரிப்பது, உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த பாடி கார்ப்பரேட்டின் கடமை என்று அடுக்குமாடி நிர்வாகத்துக்கான 2011ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம், பிரிவு 3 சொல்கிறது. அதே பிரிவின்படி பராமரிப்புக்கான சேமிப்பு நிதியும் வைத்திருக்க வேண்டும். அடுத்த பத்தாண்டுக்கான பராமரிப்புத் திட்டம் எழுதி வைப்பதும் விதிகளில் உண்டு. அந்தத் திட்டத்தில் பம்பும் டேங்கும் இருக்கின்றனவா என்று செப்டம்பரில் மின்னஞ்சலில் கேட்டேன். இதுவரை பதில் இல்லை.

கேட்பது இவ்வளவுதான். 14 நாளுக்குள் பிரஷர் டேங்கையோ அதன் பையையோ மாற்றுங்கள். மாற்றுகிறவர், பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகக் காற்றடைத்து, அந்த அளவை அறைச் சுவரில் எழுதி ஒட்டட்டும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது தண்ணீரை வடித்துவிட்டு அதைச் சரிபார்க்க வேண்டும், தண்ணீர் உள்ளே இருக்கும்போது அளந்தால் அளவு தப்பாகக் காட்டும். இரண்டு மோட்டார் பில்களையும் பராமரிப்புத் திட்டத்தையும் உரிமையாளர்கள் பார்க்கக் கொடுங்கள்.

லெவியை நிறுத்தி வைக்கலாம் என்று சில வீட்டார் சொல்கிறார்கள். நான் நிறுத்த மாட்டேன், அது சட்டப்படி சரியும் அல்ல. ஆனால் 14 நாளில் வேலை தொடங்கவில்லை என்றால், என் நோட்டின் பக்கங்கள், பம்ப் ஓடி நிற்கும் வீடியோ, இதுவரை அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் சேர்த்து, குடியிருப்புகளுக்கான ஓம்பட்ஸ்மன் அலுவலகத்தில் மனுப் போடுவேன். பழுதுபார்க்கச் சொல்லி உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. முதலில் உங்களிடம் முறையிட்டேனா என்று அங்கே கேட்பார்கள். இந்த மடலே அந்த முறையீடு.

நோட்டை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பம்ப் அறைக்கு உங்கள் பிளம்பர் வரும் நாளைச் சொன்னால் நானும் உடன் நிற்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி உரிமையாளர்