இரண்டாவது கையெழுத்து என்னுடையது

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் ரத்தமேற்றல் குழுவினருக்கும்,

அன்றிரவு எங்கள் வார்டில் ஒரு நோயாளிக்கு இன்னொருவருடைய ரத்தப் பையை மாற்றி ஏற்றியது உங்களுக்குத் தெரியும். விசாரணை அறிக்கையும் உங்கள் மேசையில் இருக்கிறது. பையைச் சரிபார்த்ததாகப் போட்ட இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

11ஆம் படுக்கைக்காரர் ஓ வகை, 12ஆம் படுக்கைக்காரர் ஏ வகை. பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம். இரண்டு பைகளும் ஒன்றாக வந்தன. செவிலியர் மேசையில் வைத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்க்க, பை எண், வகை, காலாவதித் தேதி எல்லாம் கிராஸ்மேட்ச் தாளோடு சரியாகப் பொருந்தின. பொருந்தாமல் எப்படி இருக்கும்? பையும் தாளும் ஒரே ரத்த வங்கியிலிருந்து சேர்ந்தே வருபவை. நாங்கள் ஒப்பிடாமல் விட்டது நோயாளியை மட்டும்தான்.

1.50க்கு 11இல் ஏ வகைப் பை ஏறத் தொடங்கியது. சில நிமிடங்களில், ஊசி போட்ட கை எரிகிறது என்றார். அப்புறம் இடுப்புக்கு மேலே முதுகு வலிக்கிறது என்றார். நெடுநேரம் படுத்திருப்பதால் இருக்கும் என்று சொல்லித் தலையணையைச் சரிசெய்தோம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், எனக்கு என்னமோ ஆகப்போகுது" என்றார். நடுக்கம் வந்ததும் போர்வை போர்த்தினோம். 37 பாகையில் இருந்த உடல் வெப்பம் 38.4க்கு ஏறி, ரத்த அழுத்தம் 86க்கு இறங்கிய பிறகுதான் பையை நிறுத்தினோம். அதற்குள் ஏறக்குறைய 60 மில்லி போயிருந்தது. விடிவதற்குள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் வந்தது.

ஓ வகைக்காரரின் ரத்தத்தில் ஏ அணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் பிறவிக்குப் பின் தானாகவே உருவாகி, தயாராக இருக்கும். ஏ அணுக்கள் நுழைந்ததும் ரத்தக் குழாய்க்குள்ளேயே அவை உடைகின்றன. வெளிப்படும் ஹீமோகுளோபின் சிறுநீரில் இறங்குகிறது, சிறுநீரகம் அடிபடுகிறது. முற்றினால் ரத்தம் உறையும் ஒழுங்கே குலைந்து, ஊசி போட்ட இடமெல்லாம் கசியும். எரிச்சல், முதுகுவலி, காரணமில்லாத பயம் என அவர் வரிசையாகச் சொன்னதெல்லாம் எங்கள் பயிற்சிக் குறிப்பில் உள்ளதுதான். முதல் வார்த்தையிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். குழாயை மாற்றி, சலைனில் நரம்பைத் திறந்து வைத்து, மருத்துவரை அழைத்து, கைப்பட்டையைப் பையோடு மறுபடி ஒப்பிட்டு, பையையும் புது ரத்த மாதிரியையும் ரத்த வங்கிக்கு அனுப்பியிருக்க வேண்டும். இதையெல்லாம் செய்தோம், இருபது நிமிடம் தாமதமாக. அவர் டயாலிசிஸ் செய்து பிழைத்தார். மயக்கத்தில் இருக்கும் நோயாளியாக இருந்தால் இந்த வார்த்தைகள்கூடக் கிடைத்திருக்காது.

இத்தனை ஆண்டுகளில் இதுவே முதல் தவறு என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. 12ஆம் படுக்கையை நினைத்துப் பாருங்கள். அவருக்கென்று மாட்டத் தயாராக இருந்த பை ஓ வகை. அதை ஏற்றியிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது, ஓ அணுக்களை ஏ உடல் ஏற்கும். தவறு நடந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. ஆக இது முதல் தவறல்ல, நம் கண்ணில் பட்ட முதல் தவறு.

அதற்கு நீங்கள் தந்த தீர்வு, கையெழுத்துக் கட்டங்கள் இரண்டிலிருந்து நான்காக உயர்ந்த புதுப் படிவம். நன்றி. மேசையில் வைத்து நான்கு பேர் கையெழுத்திட்டாலும் நோயாளி மேசைக்கு வரமாட்டார்.

நான் கேட்பது ஒன்றுதான்: கடைசிச் சரிபார்ப்பு படுக்கையருகே நடக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு நோயாளியின் பை மட்டும் வார்டுக்கு வரட்டும். இருவரும் படுக்கைக்குப் போய், "நீங்கதானே இன்னார்?" என்று கேட்காமல், "உங்க பேரு என்ன, பிறந்த தேதி என்ன?" என்று கேட்கட்டும். தூக்கக் கலக்கத்தில் எவரும் எதற்கும் 'ஆமா' சொல்வார். பதிலைக் கைப்பட்டையோடும், கைப்பட்டையைப் பையோடும் ஒப்பிட்டபின் பையை மாட்டட்டும். முதல் 15 நிமிடம் மெதுவாக ஏற்றி, ஒருவர் அங்கேயே நிற்கட்டும்.

நிற்பதற்கு ஆள் வேண்டும். இரவில் முப்பது படுக்கைக்கு இரண்டு பேர் இருக்கிறோம். கைப்பட்டை அச்சிடும் கருவிக்கு ரிப்பன் தீர்ந்து பேனாவில் எழுதுகிறோம். கைகழுவும் திரவம் பட்டால் அழிந்துவிடுகிறது. கேண்டீன் கணக்கையும் பார்க்கிங் சீட்டையும் அச்சிடும் கருவிகளுக்கு இந்தக் குறை வந்ததே இல்லை... சரி, அதை விடுகிறேன்.

என்மீதான மெமோவுக்குத் தனியாகப் பதில் தந்திருக்கிறேன், தண்டனையை மறுக்கவில்லை. இரவுப் பணிக்கு மூன்றாவதாக ஒருவரையும், ரிப்பனையும், படுக்கையருகே சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கும் எழுத்துமூல உத்தரவையும் தயவுசெய்து தாருங்கள். இன்று இரவும் எங்கள் வார்டில் இருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது.

பணிவுடன்,
இரவுப் பணிச் செவிலியர்