பஞ்சு விலையையும் நூல் விலையையும் தனித்தனியே குலுக்காதீர்கள்: நூற்பாலைகளுக்குக் கடன் மதிப்பீடு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளுக்குக் கடன் வழங்கும் வங்கிகளின் திட்ட மதிப்பீட்டுப் பிரிவினருக்கும் கடன் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

புதிய ஆலைக்கோ விரிவாக்கத்திற்கோ கடன் கேட்டு வரும் அறிக்கைகளில், நிகர நிகழ்கால மதிப்பை ஒற்றை எண்ணாகத் தராமல் மான்டே கார்லோ முறையில் பத்தாயிரம் முறை கணக்கிட்டு, நட்டத்திற்கான வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று காட்டும் வழக்கம் பெருகி வருகிறது. அது வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் நான் பார்த்த பல அறிக்கைகளில் நூலின் விற்பனை விலைக்கு ஒரு பரவலும், பஞ்சின் கொள்முதல் விலைக்கு வேறொரு பரவலும் கொடுக்கப்பட்டு, இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்பதுபோல மதிப்புகள் எடுக்கப்படுகின்றன. அப்படிக் கணக்கிட்ட நட்ட வாய்ப்பு அந்த ஆலையின் நட்ட வாய்ப்பு ஆகாது. அதனை நம்பிக் கடனை மறுப்பதும் தவறு, கொடுப்பதும் தவறு என்று காட்டவே இதனை எழுதுகிறேன்.

எளிய எண்களைக் கொண்ட ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். முதலீடு 100 கோடி ரூபாய். ஆண்டு உற்பத்தி 40 லட்சம் கிலோ. ஆயுள் 10 ஆண்டுகள். தள்ளுபடி வீதம் 12 விழுக்காடு. நூல் கிலோ 260 ரூபாய்க்கு விற்கிறது. ஒரு கிலோ நூலுக்கு, கழிவு போக, சுத்தப் பஞ்சுக்கு 150 ரூபாயும் கூலி, மின்சாரம் முதலிய மாற்றுச் செலவுக்கு 50 ரூபாயும் ஆகின்றன. மீதம் 60 ரூபாய். வரியை இப்போதைக்கு விட்டுவிட்டால், கிலோவுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாய் மீதமும் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 2.26 கோடி ரூபாய் நிகழ்கால மதிப்பைத் தருகிறது. ஆகவே நிகர நிகழ்கால மதிப்பு சுமார் 35.6 கோடி. மீதம் 44.25 ரூபாய்க்குக் கீழே போனால்தான் முதலீடு நட்டமாகும்.

இந்தப் பத்தாண்டுகளின் சராசரி விலைகள் எப்படி அமையும் என்பது நமக்குத் தெரியாது. நூல் விலையின் திட்ட விலக்கம் 25 ரூபாய் என்றும், பஞ்சுச் செலவின் திட்ட விலக்கம் 20 ரூபாய் என்றும் வைப்போம். இரண்டையும் தொடர்பின்றி எடுத்தால், மீதத்தின் மாறுபாடு 625 கூட்டல் 400, அதாவது 1025. திட்ட விலக்கம் 32 ரூபாய். இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.8 என்று ஏற்றால், அந்த 1025-இலிருந்து 2 × 0.8 × 25 × 20 = 800 கழிகிறது; எஞ்சும் 225-இன் வர்க்கமூலம் 15 ரூபாய். இயல்நிலைப் பரவலில் முதல் கணக்கு நட்ட வாய்ப்பை ஏறத்தாழ 31 விழுக்காடு என்கிறது. இரண்டாவது கணக்கு 15 விழுக்காடு என்கிறது. ஆலையும் முதலீடும் விலைப் பரவல்களும் ஒன்றுதான். மாறியது ஒட்டுறவு மட்டுமே.

இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாமல் இருப்பதற்குக் காரணம், இரண்டு கணக்குகளிலும் சராசரி அதே 35.6 கோடியாக இருப்பதுதான். அறிக்கையின் முதல் பக்கத்தில் நிற்கும் எண் அசையாததால், உள்ளே இருக்கும் பரவலை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்க விரும்புவோர், எடுக்கப்பட்ட பத்தாயிரம் இணைகளையும் ஒரு புள்ளி வரைபடமாகப் போடச் சொன்னால் போதும். தொடர்பின்றி எடுத்தால், பஞ்சுச் செலவு 170 ரூபாய்க்கு மேல் ஏறியும் நூல் விலை 235 ரூபாய்க்குக் கீழ் இறங்கியும் கிடக்கும் புள்ளிகள் சுமார் 250 இருக்கும். பத்தாண்டுச் சராசரியாக அப்படி ஒரு சந்தை நீடிக்க முடியாது. அதற்கு முன்பே ஆலைகள் ஷிப்டுகளைக் குறைக்கும், நூல் வரத்து சுருங்கும், விலை ஏறும். 0.8 கெழுவில் அத்தகைய புள்ளி ஒன்று வந்தாலே அதிகம்.

இதைச் சரிசெய்ய விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. எக்செலில் நான்கு கட்டங்கள் போதும்:

```
B1: =NORM.S.INV(RAND())
B2: =NORM.S.INV(RAND())
B3: =150+20*B1
B4: =260+25*(0.8*B1+SQRT(1-0.8^2)*B2)
```

B3 பஞ்சுச் செலவு, B4 நூல் விலை. பஞ்சை அசைக்கும் அதே B1 நூலையும் அசைக்கிறது. பஞ்சோடு சேராமல் நூலுக்கே உரிய ஏற்ற இறக்கத்தை B2 தருகிறது. இதைவிடவும் நான் விரும்புவது, பஞ்சு விலையையும் நூலுக்கும் பஞ்சுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தையும் அடிப்படை மாறிகளாக வைத்து, நூல் விலையை அவற்றிலிருந்து வருவிக்கும் முறை. ஆலைக்காரர்கள் வியாபாரத்தைப் பேசுவதே அந்த வித்தியாசத்தை வைத்துத்தான். அதன் பழைய பதிவுகளும் அவர்களிடம் இருக்கும்.

ஒட்டுறவைச் சேர்த்தால் இடர் எப்போதும் குறையும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. அதே கணக்கில் ஒவ்வோர் ஆண்டின் மீதத்தையும் முந்தைய ஆண்டோடு தொடர்பின்றிப் புதிதாக எடுத்தால், நல்ல ஆண்டுகளும் கெட்ட ஆண்டுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து, நிகர நிகழ்கால மதிப்பின் திட்ட விலக்கம் 34 கோடியிலிருந்து 11 கோடியாகச் சுருங்கிவிடும். நட்ட வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். உண்மையில் மந்தம் வந்தால் ஓராண்டோடு விலகுவதில்லை. ஆகவே விலைகளுக்கு இடையிலான ஒட்டுறவைச் சேர்த்துவிட்டு, ஆண்டுகளுக்கு இடையிலான தொடர்பை விட்டுவிடும் அறிக்கை முன்னதைவிட ஆபத்தானது, ஏனெனில் அது வங்கிக்குப் பொய்யான நிம்மதியைத் தருகிறது.

0.8 என்ற எண்ணும் எந்த நிலையிலும் மாறாதது அன்று. 2011 மார்ச்சில் நியூயார்க் வாயிதா சந்தையில் பஞ்சு ஒரு பவுண்டுக்கு 2 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு முடிவில் 1 டாலருக்குக் கீழே கிடந்தது. 2010-11 நிதியாண்டில் மத்திய அரசு பருத்தி நூல் ஏற்றுமதிக்கு 72 கோடி கிலோ என்ற உச்சவரம்பை வைத்திருந்ததால், நூல் உள்நாட்டிலேயே தேங்கியது. பருவத்தில் உச்ச விலைக்குப் பஞ்சை வாங்கி இருப்பு வைத்திருந்த ஆலைகள், அதே பஞ்சிலிருந்து நூற்ற நூலை வீழ்ந்த விலைக்கு விற்க நேர்ந்தது. பஞ்சு விலையும் நூல் விலையும் சேர்ந்தே இறங்கின. ஆனால் ஆலையின் செலவு, மாதங்களுக்கு முன்பு வாங்கிய பஞ்சின் செலவாக இருந்தது. இந்தக் கால இடைவெளியை ஒரே ஒட்டுறவுக் கெழுவால் பிடிக்க முடியாது. மாதவாரிப் பணப்புழக்கத்தில், மூன்று நான்கு மாத இருப்பின் கொள்முதல் விலையையும் இன்றைய விற்பனை விலையையும் எதிரெதிரே வைத்துத்தான் அதைப் பார்க்க முடியும்.

எனவே உங்களிடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். உருவகக் கணக்கோடு வரும் ஒவ்வோர் அறிக்கையிலும், நூலுக்கும் பஞ்சுக்கும் எடுத்துக்கொண்ட ஒட்டுறவுக் கெழுவும், அது எந்த ஆண்டுகளின் விலைகளிலிருந்து பெறப்பட்டது என்பதும் எழுதப்பட வேண்டும், கெழு 0.6 ஆகக் குறைந்தால் முடிவு எப்படி மாறும் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். “பஞ்சு விலை 10 விழுக்காடு உயர்ந்து, நூல் விலை மாறாமல் இருந்தால்” என்று பழைய உணர்திறன் அட்டவணைகளில் வரும் வரியை ஆண்டு முழுமைக்கும் நீட்டாமல், இருப்புக் காலத்தின் அதிர்ச்சியாக மட்டும் பயன்படுத்துங்கள். நடைமுறை மூலதனக் கடனின் வரம்பைத் தீர்மானிக்கும்போது, 2011-இல் நடந்ததுபோன்ற ஒரு வீழ்ச்சியை அந்த ஆலையின் பஞ்சு இருப்பின்மீது ஒருமுறை ஓட்டிப் பார்த்து, அதன் முடிவைக் கடன் குழுவின் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜவுளித் திட்ட அறிக்கைகளைத் தயாரிக்கும் ஒரு நிதி ஆலோசகர்