நெடு விடைகள் ஐந்தும் ஒரு கைமாற்றுக் கடனும்

யாங்கோன்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நலம். உன் அப்பாவும் தம்பியும் நலமாக இருக்கிறார்கள். மழை விட்டபாடில்லை, மின்சாரம் வருவதும் போவதுமாக இருப்பதால் இக்கடிதத்தைப் பகல் வெளிச்சத்திலேயே எழுதி முடித்துவிட வேண்டும் என்று சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் உன் தோழிகள் பொங்கல் மலருக்காக உருவாக்கிய குறுக்கெழுத்துப் புதிரைப் பாதி நிரப்பிய நிலையில் படமெடுத்து அனுப்பி, "இதற்கு ஒரு கருப்பொருள் இருக்கிறது என்று சொல்கிறார்கள், எனக்குப் பிடிபடவில்லை" என்று எழுதியிருந்தாய். தம்பி அதைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தான். இரண்டு மாலைகள் அதனோடு உட்கார்ந்தேன். நீ எங்கே வழி தவறினாய் என்பதையும், நான் எங்கே தவறினேன் என்பதையும் எழுதுகிறேன்.

பதினொன்றுக்குப் பதினொன்று கட்டங்கள் கொண்ட அந்தப் புதிரில் இடமிருந்து வலமாக ஐந்து நீண்ட விடைகள் இருக்கின்றன. இரண்டாம், நான்காம், எட்டாம், பத்தாம் வரிசைகளில் எட்டெட்டுக் கட்டங்கள். நடுவே ஆறாம் வரிசையில் ஏழு கட்டங்கள். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார், இந்த ஐந்தும் அதே இடங்களில்தான் விழும். இது தற்செயலாக அமைவதில்லை. கருப்பொருள் வைத்துப் புதிர் அமைப்பவர் முதலில் நீண்ட விடைகளைத் தேர்ந்து, எழுத்தெண்ணிக்கையில் இணை இணையாகப் பொருத்தி, எதிரெதிர் வரிசைகளில் நிறுத்திவிட்டுத்தான் மற்றக் கட்டங்களைச் சிறு சொற்களால் அடைப்பார். ஆகவே கருப்பொருளைச் சிறு விடைகளில் தேடக் கூடாது. மேலிருந்து கீழாக வரும் விடைகளில் 'காதணி' இருப்பதைப் பார்த்து அதற்கும் ஏதேனும் பொருள் உண்டோ என்று கேட்டிருந்தாய். அது இடத்தை அடைக்க வந்த சொல், அவ்வளவுதான்.

நீ முதலில் கண்டுபிடித்தவை மேலே உள்ள இரண்டு. பள்ளியை நடத்துபவர், 'தலைமையாசிரியர்'. விடுதியில் மாணவரை மேற்பார்ப்பவர், 'கண்காணிப்பாளர்'. இரண்டும் சரி. உடனே கருப்பொருள் 'பதவிகள்' என்று முடிவுகட்டிவிட்டாய். அந்த முடிவுதான் உன் புதிரை நிறுத்தியது. இரண்டு விடைகளுக்கிடையே ஒற்றுமை எப்போதும் அகப்படும். தெருவில் போகும் எந்த இருவரை நிறுத்திக் கேட்டாலும் ஏதாவது ஓர் உறவுமுறை வந்துவிடுவதைப் போலத்தான் அது. மூன்றாவது விடை வந்து அதே ஒற்றுமைக்குள் தானாக உட்காரும்வரை அதனைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துவைக்கலாமே தவிர, அதைக் கொண்டு கட்டத்தை நிரப்பக் கூடாது.

நடு வரிசையின் குறிப்பு, 'ஏட்டில் ஏறாமல் தலைமுறைகளாக நாவில் வாழ்வது'. பதவி ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தில் நீ 'கதைசொல்பவர்' என்று எழுதியிருக்கிறாய். ஏழு எழுத்து, கட்டத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் குறிப்பு 'வாழ்வது' என்று அஃறிணையில் முடியும்போது விடை 'பவர்' என்று உயர்திணையில் எப்படி முடியும்? ஒழுங்காக அமைக்கப்பட்ட புதிரில் குறிப்பும் விடையும் திணையிலும் எண்ணிலும் ஒத்துப்போகும். மேலிரண்டு குறிப்புகளும் 'நடத்துபவர்', 'மேற்பார்ப்பவர்' என்று முடிந்ததையும் இது 'வாழ்வது' என்று முடிந்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருந்தால், பதவி என்ற எண்ணம் அங்கேயே உதிர்ந்திருக்கும்.

இதைவிடத் தெளிவான சான்று உன் கட்டத்திலேயே இருந்தது. நடு வரிசையின் கடைசிக் கட்டத்திலிருந்து மேலிருந்து கீழாக மூன்றெழுத்து விடை ஒன்று தொடங்குகிறது. நீ எழுதியபடி அதன் முதலெழுத்து 'ர்'. தமிழில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் சிறுவர்களுக்கு நான் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. புதிரில் இந்த இலக்கணம் மிகவும் பயன்படும். ஒரு விடையை எழுதியவுடன், அதன் எந்தெந்தக் கட்டங்களிலிருந்து வேறு சொல் தொடங்குகிறது என்று பார். அங்கே புள்ளி வைத்த எழுத்து நின்றால், குறிப்பைப் படிக்காமலே அந்த விடை தவறு என்று சொல்லிவிடலாம்.

அந்த மூன்றெழுத்துக்குரிய குறிப்பு, 'தைபே நகரைத் தலைநகராகக் கொண்டது'. 'தைவான்'. ஆகவே நடு வரிசை 'தை' என்று முடிய வேண்டும். 'கதை' என்பதில் நீ பாதி சரியாகத்தான் இருந்தாய், ஆனால் அது சொல்லின் முதலில் இல்லை, முடிவில் இருக்கிறது: 'வாய்மொழிக்கதை'.

இப்போது மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். தலைமையாசிரியர், கண்காணிப்பாளர், வாய்மொழிக்கதை. பொருளில் மூன்றுக்கும் தொடர்பில்லை. பொருளில் தொடர்பு கிடைக்காதபோது எழுத்தைப் பார்க்க வேண்டும், அதிலும் முதலில் தொடக்கத்தை, பிறகு முடிவை. தலை, கண், வாய். ஒவ்வொன்றும் ஓர் உறுப்பில் தொடங்குகிறது. தொடங்கினாலும் அந்த உறுப்பைக் குறிக்கவில்லை. உறுப்புகள் என்று மட்டும் நினைத்திருந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். அவை எந்த வரிசையில் நிற்கின்றன என்று பார்: மேலே தலை, அதன் கீழே கண், நடுவே வாய். உடம்பில் இருப்பது போலவே கட்டத்திலும் இறங்கி வருகின்றன. இந்த வரிசைதான் மீதியைத் திறந்தது.

எட்டாம் வரிசையில் நீ ஓர் எழுத்தும் போடவில்லை. தைவானின் கடைசி எழுத்தான 'ன்' அதன் எட்டாம் கட்டத்தில் வந்து விழுகிறது. குறிப்பு, 'எழுத்தில்லாமல் நம்பிக்கையின் பேரில் வாங்குவது'. 'ன்' என்று முடிவதால் 'கடன்' என்பது எளிதில் தோன்றும். அதற்கு மூன்று கட்டம் போனால் முன்னே ஐந்து மிஞ்சும். அந்த ஐந்தும் வாய்க்குக் கீழே உள்ள ஓர் உறுப்பில் தொடங்க வேண்டும். கழுத்து என்று வைத்தால் நான்கு கட்டம் போய்விடும், மார்புக்கு மூன்று, தோளுக்கு இரண்டு, கைக்கு ஒன்றே ஒன்று. மேலே மூன்று உறுப்பும் இரண்டிரண்டு கட்டங்களில் வந்ததால் நானும் சிறிது நேரம் இரண்டெழுத்து உறுப்பையே தேடிக்கொண்டிருந்தேன். உன் அப்பா வெற்றிலைத் தட்டை எடுக்க வந்தவர் குறிப்பைக் கேட்டுவிட்டு, "கைமாற்றுதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். 'கைமாற்றுக்கடன்', எட்டெழுத்து. கடை வைத்திருந்த காலத்தில் அவர் கொடுத்துத் திரும்பி வராத கைமாற்றுகளை எண்ணினால் அந்தச் சொல் அவர் நாவில் நிற்பதில் வியப்பில்லை.

பத்தாம் வரிசையில்தான் கருப்பொருளின் உண்மையான பயன் தெரிந்தது. குறிப்பு, 'பந்தைக் கொண்டு இரு அணியினர் ஆடுவது' என்று வேண்டுமென்றே பொத்தாம்பொதுவாக இருக்கிறது. குறுக்கே வரும் விடைகளிலிருந்து 'பந்தாட்டம்' என்ற ஆறு எழுத்துகளையும் நீ சரியாகப் பெற்றுவிட்டாய். முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. 'கைப்பந்தாட்டம்' எட்டெழுத்து, 'கால்பந்தாட்டம்' எட்டெழுத்து. குறிப்பு இரண்டுக்கும் பொருந்தும். அந்த முதல் இரு கட்டங்களையும் குறுக்கே வெட்டும் சொல் எதுவும் இல்லை. குறிப்பும் கைகொடுக்காமல் குறுக்கெழுத்தும் கைகொடுக்காமல் நிற்கும் இடத்தில் வரிசை பேசுகிறது: கை முடிந்துவிட்டது, இது கடைசி வரிசை, ஆகவே கால்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஆறெழுத்து விடை ஒன்று வந்து, கால்பந்தாட்டத்தின் 'ம்' என்ற எழுத்தில் முடிகிறது. அதன் குறிப்பு, 'அங்கங்களை முறையாகப் பாடும் சிற்றிலக்கியம்; நெடு விடைகளின் தொடக்கத்தைக் காண்க'. மற்ற விடைகளின் இரகசியத்தை வெளியிடுவதற்கென்றே ஒரு விடையை இப்படிக் கீழ்ப்பகுதியில் வைப்பது வழக்கம். அகப்பட்டுவிட்டது என்ற மகிழ்ச்சியில் பேனாவை எடுத்துப் 'பாதாதிகேசம்' என்று எழுதிவிட்டேன். அம்மன் சன்னிதியில் பாதத்திலிருந்து கும்பிட்டுப் பழகிய கை. ஆறெழுத்து சரி, கடைசியில் 'ம்' சரி, மூன்றாம் கட்டத்தில் குறுக்கே வரும் சொல்லின் 'தி' கூடச் சரி. பாதாதிகேசத்துக்கும் கேசாதிபாதத்துக்கும் மூன்றாம் எழுத்தும் ஆறாம் எழுத்தும் ஒன்றே என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆனால் விடைகள் தலையில் தொடங்கிக் காலில் முடிகின்றன அல்லவா? எனவே 'கேசாதிபாதம்'. இரகசியத்தை வெளியிடும் விடையையும் மற்ற விடைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

உன் தோழிகள் நல்ல கைகாரர்கள்தான் என்று சொல். கடைசி வரிசைக்குக் 'காலாண்டுத்தேர்வு' என்பதையும் அவர்கள் வைத்திருக்கலாம், அதுவும் எட்டெழுத்து. ஆனால் அங்கே 'கால்' என்பது புணர்ந்து 'லா' ஆகிவிடுவதால் காதுக்குக் கேட்குமே தவிரக் கட்டத்தில் தெரியாது. தமிழில் ஒளிந்திருக்கும் சொல்லைத் தேடும்போது கண்ணால் மட்டும் தேடாமல் வாய்விட்டுப் படித்தும் பார். எல்லாரும் இவர்களைப் போலப் புணர்ச்சி நேராத சொற்களைத் தேர்ந்து வைக்க மாட்டார்கள்.

கைப்பேசியில் நீ போடும் ஆங்கிலப் புதிர்களுக்கும் இதே முறை செல்லும், ஆனால் எல்லா நாளும் செல்லாது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெள்ளி, சனிக்கிழமைப் புதிர்களுக்குப் பெரும்பாலும் கருப்பொருள் இருப்பதில்லை. நீண்ட விடைகள் ஒன்றையொன்று ஒட்டி அடுக்கடுக்காக நின்றால் அத்தகைய புதிர் என்று பெரும்பாலும் கொள்ளலாம்; கருப்பொருள் உள்ளதில் அவை இடைவெளி விட்டு மூன்று முதல் ஐந்து வரை தனித்தனியாக நிற்கும். அந்த இரண்டு நாளும் இல்லாத தொடர்பைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

என் பேனா அடித்தல் திருத்தலோடு கூடிய தாளைத் தம்பி நாளை படமெடுத்து அனுப்புவான். வலது ஓரத்தில் கறுப்பாக இருப்பது கட்டம் என்று நினைத்துவிடாதே, அது நான் அடித்த பாதாதிகேசம்.

அன்புடன்,
அம்மா