அடுப்பில் கொதிக்கும் மணத்தண்ணீரை விட்டுவிட்டுப் போகலாமா?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்கு இயற்கையான மணம் வேண்டுமென்று பட்டை, கிராம்பு, காய்ந்த ஆரஞ்சுத் தோல் வாங்கிப் போகும் பலரும் எங்களிடம் கேட்பது இதுதான்: "இவற்றைத் தண்ணீரில் போட்டு அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஒரு எட்டு வெளியே போய்வரலாமா?" கூடாது. காரணத்தைச் சொல்கிறோம்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு விரல் நீளப் பட்டை 2, கிராம்பு 10, ஒரு ஆரஞ்சின் தோல் போதும். அடி கனமான, ஆழமான பாத்திரமாக எடுங்கள். வாய் அகலமானால் தண்ணீர் சீக்கிரம் சுண்டும். பட்டையையும் கிராம்பையும் முதலில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, தீயை நன்றாகத் தணித்த பிறகு தோலைப் போடுங்கள். தோலின் எண்ணெய் சட்டென ஆவியாகிவிடும் என்பதால் அதை முன்பே போட்டால் வீண். பட்டைப் பொடி வேண்டவே வேண்டாம். தண்ணீர் நிறைய இருக்கும்போதே அது அடியில் படிந்து தீய்ந்துவிடும்.

தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் உள்சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வற்றியதும் சூடு மளமளவென ஏறும். தோல் கருகிப் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். நான்ஸ்டிக் பாத்திரம் காய்ந்தால் அதன் பூச்சிலிருந்து வரும் புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும்.

தண்ணீர் வற்றுவதை மூக்கை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே அறையில் இருப்பவருக்குச் சிறிது நேரத்திலேயே வாசனை பழகிவிடும். மணம் போய்விட்டது என்று நினைத்துத் தீயைக் கூட்டுவார்கள். தண்ணீர் இன்னும் வேகமாக வற்றும்.

எனவே முதல் தடவை அளந்து பாருங்கள். அரை மணி நேரம் கழித்து அடுப்பை அணைத்து, ஆறியதும் தண்ணீரை வடிகட்டி அளவுக் குவளையில் ஊற்றுங்கள். 800 மில்லி இருந்தால், மணிக்கு 400 மில்லி வற்றுகிறது. ஒரு லிட்டர் இரண்டரை மணி நேரத்தில் தீரும். ஆனால் அதற்கு வெகுமுன்பே தோல் அடியைத் தொட்டுவிடும். ஆகவே பாதி வற்றுவதற்குள், இந்தக் கணக்கில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள், வெந்நீர் சேர்த்தாக வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

ஒருவேளை வற்றிவிட்டால் அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, அப்படியே ஆறவிடுங்கள். காய்ந்த பாத்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஆவி குப்பென்று கிளம்பிக் கையைச் சுட்டுவிடும்.

வெளியே கிளம்ப வேண்டுமா? தூங்கப் போகிறீர்களா? 15 நிமிடம் முன்பே அணைத்துவிடுங்கள். சூடு ஆறும்வரை மணம் வந்துகொண்டுதான் இருக்கும். குழந்தைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாதபடி வையுங்கள். கிராம்பு, தோல் எண்ணெய்கள் பூனைகளுக்கு ஆகாது. ஆறியதும் வடிகட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், மறுநாள் புதுத் தோல் போட்டு மீண்டும் சூடாக்கலாம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.