இரட்டை விழுந்தால் யாருக்கு லாபம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் திருவிழாக் கடைகள் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ராட்டினம், வளையம் எறிதல், பலூன் சுடுதல் எல்லாமே கண் முன்னால் வந்து நின்றன. ஆனால் லங்கர் கட்டை பற்றிய பத்தியில் ஒரு கணக்கு தவறிவிட்டது. அதை அப்படியே விட்டால் அடுத்த திருவிழாவில் யாராவது உங்கள் பத்திரிகையை நம்பி உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் எழுதுகிறேன். நான் மேல்நிலைப் பள்ளியில் கணிதம் எடுப்பவன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக: விரித்த துணியில் ஆறு கட்டம். கிரீடம், நங்கூரம், ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என்று கட்டத்துக்கு ஒரு படம். இதே ஆறு படங்களும் ஒவ்வொரு கட்டையின் ஆறு பக்கங்களிலும் இருக்கும். ஏதாவது ஒரு படத்தில் பணம் வைக்கிறோம். கடைக்காரர் மூன்று கட்டைகளை டப்பாவில் போட்டுக் குலுக்கிக் கவிழ்க்கிறார். நம் படம் ஒரு கட்டையில் விழுந்தால் வைத்த பணமும் அதற்குச் சமமான பணமும் கிடைக்கும். இரண்டில் விழுந்தால் இரண்டு பங்கு, மூன்றிலும் விழுந்தால் மூன்று பங்கு. ஒன்றிலும் விழாவிட்டால் வைத்தது போச்சு.

கட்டுரையாளர் சொல்வது இது: ஆறு படம், மூன்று கட்டை, ஆகவே நம் படம் விழ சரிபாதி வாய்ப்பு; ஆட்டம் இருவருக்கும் சமம்; இரட்டை விழுந்தால் கிடைக்கும் கூடுதல் பணம் ஆடுபவருக்குப் போனஸ். இதைக் கேட்கும்போது யாருக்கும் சந்தேகம் வராது. வகுப்பில் கேட்டாலும் முக்கால்வாசிப் பிள்ளைகள் இதையேதான் சொல்வார்கள்.

எண்ணிப் பார்த்துவிடலாம். மூன்று கட்டைகள் விழக்கூடிய விதங்கள் 6 × 6 × 6 = 216. நாம் நங்கூரத்தில் வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் நங்கூரம் அல்லாத பக்கங்கள் ஐந்து. ஆகவே நங்கூரமே தலைகாட்டாத விதங்கள் 5 × 5 × 5 = 125. ஒரே ஒரு கட்டையில் மட்டும் விழும் விதங்கள் 75, இரண்டில் விழுவது 15, மூன்றிலும் விழுவது 1. கூட்டினால் 216 சரியாக வரும். அதாவது நம் படம் ஒரு முறையாவது விழும் வாய்ப்பு 216-இல் 91 தான். பாதி என்றால் 108 இருக்க வேண்டும்.

அந்த 108 எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. 75 முறை ஒரு பங்கு, 15 முறை இரண்டு பங்கு, 1 முறை மூன்று பங்கு: 75 + 30 + 3 = 108. ஆக, கட்டுரையாளரின் பாதி முழுப் பொய் இல்லை. நங்கூரம் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக அரைத் தடவை விழுகிறது என்பது உண்மை. அந்தச் சராசரியை அவர் வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. இரண்டு நங்கூரங்கள் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து விழும்போது, அதில் ஒன்று வேறோர் ஆட்டத்தில் விழுந்து நம்மைக் காப்பாற்றியிருக்க வேண்டியது. போனஸ் போலத் தெரிவது, நமக்கு வர வேண்டிய வெற்றிகளை இரண்டிரண்டாகக் கட்டிக் கொடுப்பதுதான்.

இப்போது வரவு செலவு பார்க்கலாம். 216 விதங்களும் ஒவ்வொன்றும் ஒரு முறை வந்தன என்று கொண்டால், ஒரு ரூபாய் வீதம் வைப்பவருக்கு வரவு 108, இழப்பு 125. மீதி 17 ரூபாய் கடைக்காரருக்கு. பத்து ரூபாய் ஆட்டமென்றால் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 79 காசு நஷ்டம். இதைத்தான் எதிர்பார்ப்பு மதிப்பு என்கிறோம். எந்த ஒரு தனி ஆட்டத்திலும் யாரும் 79 காசு இழக்கப்போவதில்லை. பத்து போகும், அல்லது பத்தோ இருபதோ முப்பதோ வரும். ஆட ஆட, மொத்த நஷ்டத்தை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் எண் அந்த 79 காசை நெருங்கிக்கொண்டே போகும். அவ்வளவுதான் அதன் பொருள்.

கடைக்காரர் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஆறு கட்டத்திலும் ஐம்பது ஐம்பதாக 300 ரூபாய் கிடக்கிறது. மூன்று கட்டையிலும் வேறு வேறு படம் விழுந்தால், விழாத மூன்று கட்டங்களின் 150 ரூபாயை அள்ளி, விழுந்த மூன்று கட்டங்களுக்குக் கொடுத்துவிடுவார். அவர் கையில் ஒரு காசும் தங்காது. இரட்டை விழுந்தால்? ஒரு படத்துக்கு 100, இன்னொரு படத்துக்கு 50, ஆகக் கொடுப்பது 150. ஆனால் தோற்ற கட்டங்கள் இப்போது நான்கு, அள்ளுவது 200. ஐம்பது மிச்சம். மூன்றும் ஒன்றாக விழுந்தால் கொடுப்பது 150, அள்ளுவது 250, நூறு மிச்சம். ஆக, அவருடைய வருமானம் முழுக்க இரட்டையிலும் மூன்றிலும்தான் இருக்கிறது. "இரட்டை! இரட்டை!" என்று கூட்டம் கைதட்டுகிற அந்த நேரத்தில்தான் அவர் சம்பாதிக்கிறார். மற்ற நேரமெல்லாம் ஒருவர் பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கும் வேலைதான். 216-இல் 90 முறை இரட்டை, 6 முறை மூன்றும் ஒன்று. 50 ரூபாயும் 100 ரூபாயுமாகக் கூட்டிப் பாருங்கள், 5,100 ரூபாய். 216 ஆட்டத்தில் துணியில் விழுந்த மொத்தப் பணம் 64,800. விகிதம் அதே 216-க்கு 17.

கட்டங்களில் பணம் சமமாக விழுந்தால் அவருக்கு எந்த ஆட்டத்திலும் நஷ்டமே கிடையாது என்பதையும் கவனியுங்கள். காலியாகக் கிடக்கும் கட்டத்தைக் காட்டி "இதுல யாரு, இதுல யாரு" என்று கூவுவதற்குக் காரணம் உண்டு. 300 ரூபாயும் நங்கூரத்தில் மட்டும் இருந்தால், சராசரி லாபம் மாறாது. ஆனால் ஒரு கவிழ்ப்பில் 900 ரூபாய் கொடுக்க வேண்டிவரலாம். பணத்தைப் பரப்பி வைப்பதால் சராசரி கூடுவதில்லை, ஏற்ற இறக்கம்தான் குறைகிறது. சின்ன முதலோடு கடை போட்டவருக்கு அது பெரிய விஷயம்.

அப்படியானால் ஜெயித்துவிட்டு வருபவர்கள் எப்படி வருகிறார்கள் என்று கேட்பீர்கள். பத்துப் பத்து ரூபாயாக 30 ஆட்டம் ஆடுபவரின் சராசரி நஷ்டம் சுமார் 24 ரூபாய். ஆனால் 30 ஆட்டத்தில் அதிர்ஷ்டம் மேலும் கீழும் அடிக்கிற அளவு அறுபது ரூபாய்க்குக் குறையாது. ஆகவே ஏறக்குறைய மூன்றில் ஒருவர் லாபத்தோடுதான் எழுந்து போவார். ஊரில் கதை சொல்வதும் அவர்தான். அதே ஆள் ஆயிரம் ஆட்டம் ஆடினால் சராசரி நஷ்டம் 787 ரூபாய். மேலும் கீழும் அடிப்பது 350 அளவில் நின்றுவிடும். அப்போது லாபத்தோடு எழுந்திருப்பவர் நூற்றுக்கு ஒருவர் கணக்கில்தான் தேறுவார். நஷ்டம் ஆட்டங்களின் எண்ணிக்கையோடு வளர்கிறது. அதிர்ஷ்டத்தின் ஆட்டமோ அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடுதான் வளர்கிறது. இதனால்தான் ஒரு ராத்திரி வந்து போகிறவருக்கு நேர்வது தற்செயலாகவும், பத்து நாளும் கடை போடுகிறவருக்கு நேர்வது சம்பளமாகவும் இருக்கிறது. கட்டைகள் நேர்மையானவை என்று வைத்துக்கொண்டே இவ்வளவும். ஈயம் ஏற்றிய கட்டை தேவையே இல்லை.

ஆட்டத்தை உண்மையிலேயே சமமாக்க முடியும். ஒன்றுக்கு ஒரு பங்கு, இரட்டைக்கு மூன்று, மூன்றும் விழுந்தால் ஐந்து என்று கொடுத்தால் போதும்: 75 + 45 + 5 = 125. இழப்பும் 125. ஆட்டத்தில் உட்கார நியாயமான விலை என்ன என்ற கேள்வியை வைத்துத்தான் 1657-இல் டச்சுக்காரர் ஹைகன்ஸ் இந்தக் கணக்கை முறைப்படுத்தினார். அவர் வழியில் கேட்டால், இன்றைய லங்கர் கட்டையில் பத்து ரூபாய் வைப்பதன் மதிப்பு 9 ரூபாய் 21 காசு.

லாட்டரிக்கும் இதே கணக்குதானே என்று தோன்றும். வகுத்துப் பார்ப்பது ஒன்றுதான், ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி ஒழிந்த பிறகும் வாளையார் பக்கம் போய்க் கேரளச் சீட்டு வாங்குகிறவர்கள் உண்டு. 2023 திருவோணம் பம்பரில் முதல் பரிசான 25 கோடி திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வருக்கு விழுந்தது. சீட்டு விலை 500 ரூபாய், விற்றது சுமார் 75 லட்சம். 25 கோடியை 75 லட்சத்தால் வகுத்தால், 500 ரூபாய்ச் சீட்டில் அந்த முதல் பரிசின் பங்கு 33 ரூபாய் சொச்சம். வரியும் ஏஜெண்ட் கமிஷனும் கழித்தால் இன்னும் குறையும். மற்ற பரிசுகளை எல்லாம் சேர்த்தாலும் 500-இல் பாதியைக்கூட எட்டாது. லங்கர் கட்டையில் சராசரி என்ன என்பதைத் தொடர்ந்து ஆடுகிறவர் சில நாளிலேயே தன் பையில் உணர்ந்துவிடுவார். பம்பரில் அது ஒருநாளும் தெரியவராது. வருஷம் ஒரு சீட்டு வாங்குகிறவர் முதல் பரிசைச் சராசரியாக ஒரு முறை பார்க்க 75 லட்சம் வருஷம் ஆகும். 33 ரூபாய் என்ற எண் விற்பவருக்குத்தான் நிஜம். வாங்குகிறவருக்குச் சின்னப் பரிசுகளை விட்டால் நிஜம் பூஜ்யம்தான். வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 500 ரூபாய்க்கு இரண்டு மாதம் கனவு காண்பது கட்டுப்படியாகிறது என்றால் அது அவரவர் பாடு.

கட்டுரையாளர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, துணியையும் டப்பாவையும் அவர் எழுதியிருந்த விதம் அருமை. அடுத்த இதழில் "சரிபாதி" என்பதை 216-க்கு 91 என்று ஒரு வரி திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
தேனி மாவட்டம்.