கோயில் திருவிழாக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும் கமிட்டித் தம்பிமாருக்கும் வணக்கம்.

ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் நெருங்குகிறது. கோயில் சாமான் அறையில் குடை, தீவட்டிகளோடு ஒரு மூங்கில் கம்பும் சாத்தி வைத்திருக்கிறீர்கள். நுனியில் வளைத்த கம்பி, அதிலிருந்து தொங்கும் சிவப்பு வயர். போன வருடம் மின்கம்பியில் கொக்கி போட்டது அதை வைத்துத்தான். முப்பது வருடம் லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்த வருடம் அந்தக் கம்பை எடுக்கும் முன்பே எழுதிவிடுகிறேன்.

"ஃபியூஸ் இருக்கில்ல, ஏதாவது ஆனா அதுவே போயிரும்" என்று போன வருடம் ஒரு தம்பி சொன்னார். எந்த ஃபியூஸ்? உங்கள் வீட்டில் மெயின் போர்டு, எம்.சி.பி. எல்லாம் இருக்கின்றன. கொக்கிக்கும் சீரியல் செட்டுக்கும் நடுவில் அப்படி எதுவும் கிடையாது. அடுத்த ஃபியூஸ் டிரான்ஸ்பார்மரில்தான் இருக்கிறது. நம் ஊர் டிரான்ஸ்பார்மர் 100 கே.வி.ஏ. அது முழுப் பாரத்தில் ஒரு பேஸில் ஏறக்குறைய 130 ஆம்பியர் தரும், ஃபியூஸும் அதற்கு ஏற்ற கனத்தில்தான் போட்டிருக்கும். ஒரு பையன் ஈரக் கையோடு பந்தல் இரும்புக் காலைப் பிடிக்கிறான், அதில் கரண்ட் கசிகிறது என்று வையுங்கள். அவன் உடம்பு வழியாகப் போவது கால் ஆம்பியர் கூட இருக்காது. அவன் உயிர் போக அது போதும், ஆனால் அந்த ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஆர்.சி.சி.பி. என்று ஒன்று இருந்தால் 0.03 ஆம்பியர் கசிந்தாலே அது விழுந்து கரண்டை நிறுத்திவிடும். கொக்கி போட்டால் அது இருக்காது.

அடுத்தது கடப்பாரை. மண்டபத்துக்கு இரண்டு கொக்கி போட்டீர்கள். குளக்கரை டியூப் லைட்டுகளுக்கு ஒரே கொக்கியில் பேஸ் மட்டும் எடுத்துவிட்டு, நியூட்ரலுக்குப் பதில் கடப்பாரையை மண்ணில் அடித்து வயரைச் சுற்றினீர்கள். லைட் மங்கியதும் ஒருவர் கடப்பாரையைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றினார், வெளிச்சம் கூடியது. அந்த டியூப் லைட்டுகளுக்கு 5 ஆம்பியர் ஓடுகிறது, கடப்பாரைக்கும் மண்ணுக்கும் இடையே 20 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் கடப்பாரையில் 100 வோல்ட் நிற்கிறது. அதிலிருந்து தள்ளிப் போகப் போக மண்ணில் வோல்டேஜ் படிப்படியாகக் குறையும். அதனால் பக்கத்தில் நடப்பவரின் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் வோல்டேஜ் வித்தியாசம் வருகிறது. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால் மாட்டுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு ஊரில், இப்படி அடித்த கம்பிக்கு இரண்டடி தள்ளி ஒரு பசு விழுந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைத் தூக்கப் போனவரை நான்தான் கத்தி நிறுத்தினேன். உங்கள் கடப்பாரை இருந்த இடம், முளைப்பாரி கரைக்கப் பெண்கள் வெறுங்காலோடு இறங்கும் படித்துறை.

அப்புறம் அந்த ஜெனரேட்டர். இரண்டாம் நாள் கரண்ட் போனதும், கொக்கியைக் கழற்றாமலே அதே போர்டில் ஜெனரேட்டரைச் சேர்த்தார்கள். அந்தக் கரண்ட் கொக்கி வழியாக லைனில் ஏறும், டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாகப் போகும், மறுபக்கம் 11,000 வோல்ட்டாக வெளியே வரும். பெரும்பாலும் ஊர்ப் பாரம் தாங்காமல் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். நிற்காத அன்றைக்கு, லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய என் போன்ற ஒருவன் கீழே வரமாட்டான்.

சரி, மாட்டினால் என்ன ஆகும்? 2003 மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவு மேல்நிலைக் கம்பியில் கொக்கி போடுவதை நேரடியாகத் திருட்டு என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராதம் முதல் தடவை திருடிய ஆதாயத்தின் மூன்று மடங்குக்குக் குறையாது, அடுத்த தடவை ஆறு மடங்கு. கொக்கியைக் கண்டுபிடித்தால் திருட்டு என்றே அனுமானிப்பார்கள், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. தூண்டியவர்களுக்கும் உடந்தையாக இருந்தவர்களுக்கும் 150ஆம் பிரிவு இருக்கிறது. "கம்பு பிடிச்சது அவன்தான், நாங்க இல்ல" என்பது எடுபடாது. ஆள் இறந்தால் கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு தனியாக வரும்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். 500 வாட் ஃபோகஸ் லைட் பத்து, மைக்செட், டியூப் லைட், சீரியல் எல்லாம் சேர்ந்து 7 கிலோவாட். இரவுக்கு 7 மணி நேரம், மூன்று இரவு என்றால் 147 யூனிட். யூனிட்டுக்கு 15 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் 2,205 ரூபாய்தான். வழக்கைச் சமரசமாக முடிக்க 152ஆம் பிரிவில் வழி இருக்கிறது. சட்டத்தின் அட்டவணைப்படி, வணிகமோ தொழிற்சாலையோ விவசாயமோ அல்லாத இதர இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 4,000 ரூபாய், ஆக 28,000. வணிகம் என்று எடுத்துக்கொண்டால் 70,000. மின்கட்டண மதிப்பீடு இதில் சேராது. ஒருவருக்கு இந்தச் சலுகை ஒரே ஒரு முறைதான்.

"அப்போ பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்துக்கிறோம்" என்பீர்கள். அதுவும் கூடாது. வீட்டு இணைப்பையோ வயலின் இலவச இணைப்பையோ வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் 126ஆம் பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் போடுவார்கள். மாட்டப்போவது உதவி செய்த அந்த வீட்டுக்காரர்.

முறையான வழி தற்காலிக மின் இணைப்பு. பிரிவு அலுவலகத்திலோ ஆன்லைனிலோ விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை, இடத்துக்கான சம்மதக் கடிதம், எத்தனை கிலோவாட் என்ற கணக்கு, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின் வயரிங் சான்று கேட்பார்கள். முன்பணம் கட்டினால் மீட்டரோடு இணைப்புத் தருவார்கள், பயன்படுத்தியது போக மிச்சம் திரும்ப வரும். வீட்டுக் கட்டணத்தை விட அதிகம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஹாலோஜனுக்குப் பதில் 100 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் வாடகைக்கு எடுத்தால் 7 கிலோவாட் 3 ஆகிவிடும். மீட்டருக்கு அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொல்லுங்கள். ஜெனரேட்டருக்கு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வேண்டும், இரண்டு கரண்டும் ஒன்றாகச் சேரவே கூடாது.

காப்புக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நான் பிரிவு அலுவலகத்துக்குப் போகிறேன். சம்மதக் கடிதத்தில் தலைவர் ஐயாவின் கையெழுத்தும், எத்தனை லைட் என்ற பட்டியலும் திங்கள் சாயங்காலத்துக்குள் என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வருகிறவர் அந்த மூங்கில் கம்பையும் எடுத்து வரட்டும். நுனிக் கம்பியைக் கழற்றித் தருகிறேன், கம்பைப் பந்தலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மேலத்தெரு, ஓய்வுபெற்ற வயர்மேன்